எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய USDC கணக்கில் ஏறவில்லை, அவசரம்

கரிசல்காடு
வணக்கம். பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் ஒரு டோக்கனை விற்று USDC ஆக்கினேன். அதை மையப்படுத்தப்பட்ட எக்ஸ்சேஞ்சில் உள்ள என் டெபாசிட் முகவரிக்கு நேற்று இரவு அனுப்பினேன். வாலட்டில் இருந்து போய்விட்டது, அங்கே போய்ச் சேரவில்லை. முகவரி சரிதான், பார்த்துத்தான் ஒட்டினேன். என்ன செய்வது? கொஞ்சம் அவசரம்.

தேன்மொழி
எந்த நெட்வொர்க்? அதைச் சொல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

ஒற்றைப்பனை
கவலை வேண்டாம், காத்திருங்கள். எக்ஸ்சேஞ்சுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுதிப்படுத்தல்கள் வந்த பிறகுதான் கணக்கில் ஏற்றும். நெரிசல் இருந்தால் தாமதமாகும். எனக்கு ஒரு முறை மறுநாள்தான் ஏறியது.

வழிப்போக்கன்7
எனக்கும் இதே கதைதான். ஒரு டோக்கனை வாங்கினேன், விலை ஏறியது, விற்கப் போனால் ஒவ்வொரு முறையும் பரிவர்த்தனை தோல்வி. கேஸ் கட்டணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இது என்ன அநியாயம்?

மூத்தவர்
தன் கையில் இருந்த பணத்தைக் கொண்டுபோய் அடுத்தவன் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டி திறக்கவில்லையே என்று அழுவது இங்கே வாராந்திர வழக்கமாகிவிட்டது. மவுண்ட் காக்ஸ் 2014இல் கவிழ்ந்தது, எஃப்டிஎக்ஸ் 2022இல் கவிழ்ந்தது. இன்னும் எத்தனை வேண்டும்? தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது தம்பி.

கரிசல்காடு
ஆர்பிட்ரம். எக்ஸ்சேஞ்சிலும் ஆர்பிட்ரம்தான் தேர்ந்தெடுத்தேன். Arbiscan பக்கத்தில் Success என்று பச்சையாகக் காட்டுகிறது. 240 USDC.

நூல்கண்டு
Success என்று வந்துவிட்டால் தாமதம் என்ற பேச்சுக்கு இடம் குறைவு. ஒற்றைப்பனை சொன்னது சில நிமிடங்களுக்குப் பொருந்தும், ஓர் இரவுக்குப் பொருந்தாது. கரிசல்காடு, அதே பக்கத்தில் எந்த டோக்கன் மாற்றப்பட்டது என்ற வரியைச் சொடுக்கி, அதன் காண்ட்ராக்ட் முகவரியின் தொடக்கத்தையும் முடிவையும் இங்கே எழுதுங்கள். கீழே உள்ளவற்றில் எது?

```
0xaf88...5831   USDC
0xff97...5cc8   USDC.e
```

கரிசல்காடு
இரண்டாவது. ஆனால் வாலட்டில் USDC என்றுதானே பார்த்த நினைவு?

நூல்கண்டு
அங்கேதான் சிக்கல். ஆர்பிட்ரத்தில் ஆரம்பத்தில் இருந்தது பிரிட்ஜ் வழியாக வந்த டாலர் டோக்கன்தான். எத்தீரியத்தில் USDCயைப் பூட்டிவைத்துவிட்டு இங்கே அதற்கு ஈடாக வெளியிட்டது. 2023 ஜூனில் சர்க்கிள் நிறுவனம் ஆர்பிட்ரத்திலேயே நேரடியாக USDC வெளியிட்டது, பழையதற்கு USDC.e என்ற பெயர் நிலைத்தது. விலை ஏறக்குறைய ஒன்று, காண்ட்ராக்ட் வேறு.

பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. அந்த முகவரிக்கு யாராவது ஒரு பூல் திறந்து இரண்டு பக்கமும் டோக்கன் போட்டிருந்தால் போதும், வர்த்தகம் நடக்கும். அனுமதி கொடுக்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் ஸ்வாப் USDC.e பூல் வழியாக முடிந்திருக்கிறது.

மையப்படுத்தப்பட்ட எக்ஸ்சேஞ்சில் நிலைமை வேறு. கணக்கில் நீங்கள் பார்க்கும் இருப்பு பிளாக்செயினில் இல்லை, அவர்களுடைய தரவுத்தளத்தில் ஒரு வரி. அவர்களுடைய மென்பொருள் தான் பட்டியலிட்ட காண்ட்ராக்ட் முகவரிகளை மட்டுமே கவனித்து அந்த வரியைக் கூட்டும். 0xff97 அந்தப் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் 240 வந்ததே அதற்குத் தெரியாது. டெபாசிட் பக்கத்தில் காண்ட்ராக்டின் கடைசி எழுத்துகளைச் சிறிதாகப் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

கரிசல்காடு
பார்த்தேன். 5831 என்று இருக்கிறது. அப்படியானால் போனது போனதுதானா?

நூல்கண்டு
இல்லை. டோக்கன் அந்த முகவரியில் அப்படியே இருக்கிறது. முகவரியின் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அவர்கள் நினைத்தால் எடுக்கலாம். ஆனால் ஆர்பிட்ரத்தில் டோக்கனை நகர்த்த அந்த முகவரியில் கொஞ்சம் ஈத்தர் இருக்க வேண்டும். முதலில் அதை அனுப்பி, பிறகு கையொப்பமிட்டு, டோக்கனை வெளியே எடுக்க வேண்டும், இதெல்லாம் கைவேலை. அதனால்தான் பலர் மீட்புக் கட்டணமும் குறைந்தபட்சத் தொகையும் வைத்திருக்கிறார்கள். சில எக்ஸ்சேஞ்சுகளில் டெபாசிட் முகவரியே ஒரு காண்ட்ராக்டாக இருக்கும். அப்போது எடுக்க முடியுமா என்பது அதன் நிரலைப் பொறுத்தது.

ஹாஷ், தொகை, 0xff97 காண்ட்ராக்ட் மூன்றையும் குறிப்பிட்டு "பட்டியலிடாத டோக்கன் டெபாசிட்" என்று ஆதரவுக் குழுவுக்கு எழுதுங்கள். "பணம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் காத்திருக்கச் சொல்லும் பதில்தான் வரும். மீட்டுத் தருகிறேன் என்று தனிச்செய்தியில் யார் வந்தாலும் நம்பாதீர்கள், மீட்புச் சொற்றொடரைக் கேட்பார்கள்.

தேன்மொழி
அனுப்பும் முன் வாலட்டிலேயே USDC.eயை USDC ஆக ஸ்வாப் செய்திருந்தால் வேலை முடிந்திருக்கும். இந்த இணைக்கு 0.01% கட்டணப் பூல் உண்டு. 240க்கு இரண்டரை சென்ட்கூட ஆகாது, கேஸ் தனி. அடுத்த முறை முதலில் 5 அனுப்பிப் பாருங்கள்.

மூத்தவர்
நான் சொன்னது அதுதானே. சங்கிலியிலேயே இருந்திருந்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. யாரும் யாரையும் தடுக்க முடியாது.

தேன்மொழி
தடுக்க முடியாது என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள் ஐயா. 2021 ஜூலையில் யுனிஸ்வாப் என்ற பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சை உருவாக்கிய யுனிஸ்வாப் லேப்ஸ் தன் இணையப் பக்கத்தில் இருந்து பல டோக்கன்களை எடுத்துவிட்டது. 2022 ஆகஸ்டில் பணம் வந்த தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் சேவைக்கு அமெரிக்கத் தடை வந்தபோது சர்க்கிள் அந்த முகவரிகளில் இருந்த USDCயை முடக்கியது. அங்கே போட்டவர்களாலும் அதை நகர்த்த முடியவில்லை.

மூத்தவர்
பக்கத்தில் இருந்துதான் எடுத்தார்கள். பூல் காண்ட்ராக்ட் அப்படியே இருந்தது, நேரடியாக அழைத்தால் வேலை செய்யும். முடக்கியது டோக்கனை வெளியிட்டவர், எக்ஸ்சேஞ்ச் இல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

தேன்மொழி
காண்ட்ராக்டை நேரடியாக அழைக்க எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த இழையைத் தொடங்கியவருக்குத் தெரியுமா?

ஒற்றைப்பனை
கட்டணத்தையும் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சில் 0.1% என்றால் பூலில் 0.3%. சங்கிலிதான் மலிவு என்பது பொய்.

நூல்கண்டு
பாதி சரி. 0.3% எல்லா பூலுக்கும் கிடையாது, மேலே 0.01% பார்த்தோம். எக்ஸ்சேஞ்சில் வர்த்தகக் கட்டணம் குறைவாக இருந்தாலும் வெளியே எடுக்க நிலையான தொகை வாங்குவார்கள்; சிறிய தொகைக்கு அதுதான் கடிக்கும். பூலில் சிறிய தொகைக்குக் கேஸ், பெரிய தொகைக்கு ஆழம் குறைந்த பூலில் உங்கள் வர்த்தகமே விலையை நகர்த்துவதால் வரும் இழப்பு. தொகையைச் சொல்லாமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. யார் வர்த்தகம் செய்யலாம் என்பதும் அப்படித்தான்: மையப்படுத்தப்பட்ட எக்ஸ்சேஞ்சில் அடையாளச் சான்றும் நாடும் பார்ப்பார்கள், பூல் காண்ட்ராக்ட் கேட்காது, அதற்கு முன்னால் உள்ள இணையப் பக்கம் கேட்கலாம்.

கரிசல்காடு
ஆதரவுக் குழுவுக்கு எழுதினேன். மீட்க முயல்வார்களாம், கட்டணம் உண்டாம், காலம் சொல்லவில்லை. நன்றி நூல்கண்டு.

வழிப்போக்கன்7
என் டோக்கனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

நூல்கண்டு
உங்களுடையது வேறு சிக்கல், தனி இழை திறங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: எக்ஸ்ப்ளோரரில் அந்த பூலின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். வாங்கியவர்கள் நிறையப் பேர், விற்றது ஒரே ஒரு முகவரி என்றால், விற்க விடாதபடி காண்ட்ராக்ட்டையே எழுதியிருக்கிறார்கள். பட்டியலிடும் முன் அதைப் படித்துப் பார்க்கப் பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் எவரும் இல்லை. இனி விற்க முயன்று கேஸைச் செலவழிக்காதீர்கள்.

வழிப்போக்கன்7
பார்த்தேன். ஒரே முகவரிதான்.