கேள்வி தமிழில், மேற்கோள் கன்னடத்தில்: பதில் எந்த மொழியில்?

கேட்டவர் (ஓசூர்):
வணக்கம். நில ஆவணங்கள் பற்றி எழுத்தில் வரும் சந்தேகங்களுக்கு நாங்கள் மூவர் பதில் எழுதுகிறோம். இருவர் தமிழில் எழுதுவோம், ஒருவர் கன்னடத்தில் எழுதுவார். வரும் செய்தியில் எந்த மொழியின் எழுத்துகள் மிகுதியோ அந்த மொழிக்காரருக்கு அதைப் பிரித்து அனுப்பும் சிறு நிரல் ஒன்றை வைத்திருக்கிறோம். கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்தில் பூர்வீக நிலம் உள்ள ஒரு பெரியவர், தம் மைத்துனர் அனுப்பிய பஹணி என்னும் நிலப் பதிவேட்டின் பதினொரு கன்னட வரிகளை அப்படியே ஒட்டி, அதற்குக் கீழே, "இதில் என் பங்கு எவ்வளவு? கராபு என்று கழித்திருப்பது எனக்குச் சேருமா?" என்று தமிழில் கேட்டிருந்தார். நிரல் அதைக் கன்னடம் என்று முடிவு செய்ததால் பதிலும் கன்னடத்தில் போய்விட்டது. "எனக்குக் கன்னடம் படிக்கத் தெரிந்திருந்தால் உங்களை எதற்கு ஐயா கேட்கிறேன்?" என்று எழுதிவிட்டார். விதியை எப்படித் திருத்துவது?

மறுமொழி (கிருஷ்ணகிரி):
எழுத்துகளை எண்ணவே வேண்டாம். எவரும் தம் சொந்த மொழியில்தான் பேச்சைத் தொடங்குவார்கள் என்பதால், முதல் வரி எந்த மொழியோ அதிலேயே பதில் எழுதுங்கள்.

மறுமொழி (பாகலூர்):
பெரியவருக்கு மொழிபெயர்ப்பாளர்தானே தேவை? ஏ கராபு என்றால் பயிரிட முடியாத நிலமாக இருந்தாலும் உரிமையாளரிடமே இருக்கும். பி கராபு பாதை, ஓடை போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு உரியது, அது அவருக்குச் சேராது. எங்கள் பங்காளி ஒருவர் இது தெரியாமல் ஓடைக்கரைக்கும் சேர்த்து விலை பேசினார்.

மறுமொழி (தர்மபுரி):
பாகலூர் அன்பர் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். இங்கே கேட்கப்பட்டது வேறு. முதல் வரி விதியும் இந்தச் செய்தியிலேயே தோற்றுப்போகும், ஏனெனில் இதன் முதல் வரி பஹணியினுடையது. யார் யாரிடம் பேசுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பஹணியின் வரிகள் உங்களை நோக்கிச் சொல்லப்பட்டவை அல்ல. உங்களிடம் கேட்கும் வாக்கியம் எதுவோ, அதன் மொழியே பதிலின் மொழி, அது ஒரே வரியாக இருந்தாலும் சரி. மேற்கோளுக்குள்ளும் கேள்வியோ கட்டளையோ இருக்கலாம் என்பதில் கவனமாக இருங்கள். "ஏழு நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவும்" என்று ஒரு கன்னட அறிவிப்பில் இருந்தால், அது பெரியவருக்கு வந்த கட்டளையே தவிர உங்களுக்கு வந்தது அன்று.

தமிழில் பதில் எழுதும்போது இரண்டைச் செய்யுங்கள். பஹணி, கராபு போன்ற சொற்களை முழுவதும் தமிழாக்கிவிடாமல் அப்படியே வைத்து அருகில் பொருள் சொல்லுங்கள், ஏனெனில் அங்குள்ள அலுவலகத்தில் அவர் சொல்ல வேண்டியது அந்தச் சொல்லைத்தான். அளவையோ நம் கணக்குக்கு மாற்றுங்கள். 2-10 என்று இருந்தால் 2 ஏக்கர் 10 குண்டே. 40 குண்டே ஒரு ஏக்கர் என்பதால் நம் கணக்கில் அது 2 ஏக்கர் 25 சென்ட். அதை 2 ஏக்கர் 10 சென்ட் என்று படித்தால் 15 சென்ட் காணாமல் போகும்.

விதிவிலக்கும் உண்டு. அவரே "கன்னடத்தில் எழுதுங்கள், மைத்துனரிடம் காட்ட வேண்டும்" என்று கேட்டால் அப்படியே செய்யுங்கள். ஆனேக்கல் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னால், மனு கன்னடத்தில் இருக்கட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது, எங்கே கையெழுத்திட வேண்டும் என்ற விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

கேட்டவர் (ஓசூர்):
நன்றி ஐயா. நிரலில் இதை எப்படிக் கொண்டுவருவது? மேற்கோள் குறி யாரும் போடுவதில்லையே.

மறுமொழி (தர்மபுரி):
மொத்தமாக எண்ணாமல் பத்தி பத்தியாகப் பிரித்து மொழியைப் பாருங்கள். எல்லாம் ஒரே மொழி என்றால் நிரலே முடிவு செய்யட்டும். இரண்டு மொழிகள் தென்பட்டால் அந்தச் செய்தியை உங்களில் ஒருவர் கண்ணால் பார்த்துப் பிரிப்பதே நல்லது.

மறுமொழி (தேன்கனிக்கோட்டை):
எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, படித்தது தமிழ். என் அம்மா தெலுங்கைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுவார்; தெலுங்கு எழுத்தில் பதில் வந்தால் அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. உங்கள் நிரல் அதைத் தமிழ் என்றே சொல்லும். அவருக்குத் தமிழில் பதில் எழுதுவீர்களா, தமிழ் எழுத்தில் தெலுங்கு எழுதுவீர்களா?

மறுமொழி (தர்மபுரி):
தமிழ் எழுத்து என்பதில் சந்தேகமில்லை. மொழியைப் பொறுத்தவரை நான் அவரையே ஒருமுறை கேட்டுவிடுவேன்.

மறுமொழி (கிருஷ்ணகிரி):
கேட்டுக் காத்திருப்பதற்குள் கெடு முடிந்துவிட்டால்? தமிழிலேயே எழுதிவிடலாம், படிக்கத்தான் தெரியுமே.

கேட்டவர் (ஓசூர்):
பெரியவருக்குத் தமிழில் மறுபடி எழுதி அனுப்பிவிட்டேன். 25 சென்ட் கணக்கைப் பார்த்துவிட்டு, அவருடைய கிரயப் பத்திரத்தில் வேறு அளவு இருக்கிறது என்று அடுத்த கேள்வியை அனுப்பியிருக்கிறார். அந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது.