புதுப்பிப்பு: தலையில் அடிபட்ட தம்பியின் தூக்கம்

“பைக்கில் இருந்து விழுந்த தம்பி பகலெல்லாம் தூங்குகிறான், விடலாமா?” என்று கேட்டிருந்தேன்.

டாக்டரிடம் காட்டியாச்சு. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. முதல் சில நாள் தூக்கம் கூடுவது இயல்புதானாம். கூப்பிட்டதும் எழுந்து தெளிவாகப் பேசினால் தூங்க விடலாம். “தூங்கவே விடாதீங்க” என்று பதில் எழுதிய அண்ணாவுக்கு: டாக்டர் முதல் இரவு மட்டும் இடையிடையே எழுப்பிப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது தலைகீழ், ராத்திரி தூக்கமே வருவதில்லை. பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தி, காலையில் ஒரே நேரத்தில் எழுப்புகிறோம். தூக்க மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் மறுபடி காட்டணும்.

எழுப்பவே முடியாவிட்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே அவசரப் பிரிவு.

மாமியாருக்கும் தலையில் அடிபட்டது பற்றிக் கேட்ட அக்கா, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் நன்றாகத் தெரிந்தாலும் இன்றே காட்டுங்கள்.