கலைச்சொல்: பை நிரப்பும் வரிசையில் 'பேட்ச் ரீகன்சிலியேஷன்'

கா.வெ. எழுதியது:

மாநாட்டுப் பேராளர்களுக்கான பைகளைத் தன்னார்வலர்கள் நிரப்புவதற்கு ஒரு வழிகாட்டியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 300 பைகள், எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றிலும் நிகழ்ச்சிக் கையேடு, ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு, குறிப்பேடு, ஆர்ட் பேப்பர் துண்டறிக்கை, பேனா, சாப்பாட்டுக் கூப்பன் உறை. 'செக்லிஸ்ட்'டுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் என்று வைத்துவிட்டேன். சிக்கல் 'பேட்ச் ரீகன்சிலியேஷன்', அதாவது பைகளைச் சிறு சிறு பிரிவாக நிரப்பி, ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் பொருள் மிஞ்சியதா குறைந்ததா என்று பார்ப்பது. கணக்குப்பதிவியல் பாடநூலில் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று இருப்பதால் 'தொகுதிச் சரிகட்டல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ந.மு. எழுதியது:

'சரிகட்டல்' வேண்டாம். பை நிரப்பும் மேசையில் செய்யக்கூடாத காரியத்தையே அந்தச் சொல் செய்யச் சொல்கிறது. ஒரு பேனா குறைந்தால் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுச் 'சரிக்கட்டி'விடுவார்கள். ஆனால் பேனா ஏன் குறைந்தது? ஏதோ ஒரு பையில் இரண்டு போயிருக்கலாம், அல்லது மேசைக்கு வரும்போதே ஒன்று குறைவாக வந்திருக்கலாம். வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்த அடுத்த நொடியே இதைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

முறை இதுதான். 300 பைகளையும் ஒரே மூச்சில் நிரப்பக்கூடாது. 25 பைகளாகப் பிரித்தால் 12 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு பொருளிலும் சரியாக 25 மட்டும் மேசைக்கு வரவேண்டும். எண்ணித் தருபவர் வேறு, நிரப்புபவர் வேறு. உபரிப் பெட்டி மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. 25ஆவது பை முடியும்போது மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் காலியாக இருக்கவேண்டும். துண்டறிக்கை ஒன்று மிஞ்சினால் அது போய்ச்சேராத பை இந்த 25க்குள் இருக்கிறது. 300ஐயும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று: ஒவ்வோர் இடத்திலும் ஒரு பைக்கு ஒரு பொருள் என்றே இருக்கட்டும். ஆளுக்கு நான்கு கூப்பன் என்றால் முதலில் தனி மேசையில் நான்கு நான்காக உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். இங்கே உறைதான் பொருள். நிரப்புகிறவர் 'ஒன்று' என்பதைத் தவிர வேறு எதையும் எண்ணக்கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். 'பேட்ச்' என்பதற்குத் 'தொகுதி' என்றால் தேர்தல் ஞாபகம்தான் வரும். நம் அடுப்படியில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஓர் ஈடு இட்லி, இரண்டாவது ஈடு. பானையில் ஒரு தடவை ஏற்றி இறக்குவது ஈடு. 25 பை ஓர் ஈடு. முடிவில் பார்ப்பது 'ஈட்டு மீதி'.

ச.கோ. எழுதியது:

இவ்வளவு எதற்கு? ஒரு டிஜிட்டல் தராசு போதும். சரியாக நிரப்பிய ஒரு பையை நிறுத்துக்கொண்டு மற்ற எல்லாப் பைகளையும் அதோடு ஒப்பிட்டால் குறை தெரிந்துவிடும். சொல்லும் எளிது: 'எடைச் சோதனை'.

ந.மு. எழுதியது:

பாட்டில் போல கனமான பொருள் இருந்தால் நீங்கள் சொல்வது பிடிபடும். துண்டறிக்கையில் பிடிபடாது. 130 ஜிஎஸ்எம் தாளில் ஓர் ஏ4 சுமார் 8 கிராம். துணிப்பையும் குறிப்பேடும் ஒன்றுக்கொன்று அதற்கு மேலேயே வேறுபடும். கையேடு விடுபட்டால் தராசு சொல்லும், துண்டறிக்கையோ பேனாவோ விடுபட்டால் சொல்லாது. விடுபடுவதும் பெரும்பாலும் அவைதான்.

தராசை மேசைக்கு முன்னால் பயன்படுத்துங்கள். அச்சகத்துக் கட்டில் 100 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. கையால் இருமுறை எண்ணிய 25 தாள்களை மாதிரிக் கட்டாக வைத்து, மற்றக் கட்டுகளை அதோடு நிறுக்க வேண்டும். 25 தாள் சுமார் 203 கிராம். ஆனால் தாளின் கனம் அச்சுக்கு அச்சு சற்று மாறும். 25 தாளில் அந்த வித்தியாசமே ஒரு தாள் எடைக்கு வந்துவிடலாம். அதனால் கணக்குப் போட்ட எடையை நம்பாமல், அதே அச்சுக்கட்டிலிருந்து எடுத்த மாதிரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பா.ல. எழுதியது:

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாம்பூலப் பை நான்தான் போடுவேன். தேங்காயை அடியில் வைக்காவிட்டால் பை சாயும், வெற்றிலை கசங்கும். மாநாட்டுப் பையில் எதை முதலில் வைப்பீர்கள்? நாங்கள் மீதி பார்ப்பதில்லை, பத்துப் பை கூடுதலாகவே போட்டுவிடுவோம்.

ந.மு. எழுதியது:

கேள்வி சொல்லைப் பற்றியது அம்மா, ஆனாலும் வைப்பு வரிசையும் வழிகாட்டியில் வரவேண்டியதுதான். விறைப்பான பெரியது முதலில், முதுகுப் பக்கமாக: ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு, கையேடு, குறிப்பேடு. துண்டறிக்கை குறிப்பேட்டுக்குள் செருகப்படும். உறையும் பேனாவும் கடைசியில். பெயர் அட்டை பைக்குள்ளேயே வரக்கூடாது. அது ஆளுக்கு ஆள் மாறும், பதிவு மேசையில் கொடுக்க வேண்டியது.

பத்துப் பை கூடுதலாகப் போடுவது ஆள் கூடினால் உதவும். பேனா இல்லாத பை யார் கைக்குப் போனது என்று சொல்லாது.

தெ.சி. (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட பக்கம் மிச்சத்துக்கு 'மிகுதி' எண்டும் சொல்லுவம். கடையில மிகுதிக் காசு தாங்கோ எண்டு கேட்பம். தமிழ்நாட்டில அது ஏராளம் எண்டு விளங்கும், அதால 'மீதி' எனக்குச் சம்மதம். 'ஈட்டு' தான் இடிக்குது. ஈட்டுக் கடன், ஈட்டிய விடுப்பு எண்டு அது ஏற்கெனவே வேற இடங்களில இருக்கு. தலைப்பை மட்டும் பார்க்கிற பிள்ளை ஈடு வச்ச பொருளெண்டு நினைக்கும். மற்றது, மிஞ்சினா மீதி, சரி. குறைஞ்சா என்ன சொல்?

ந.மு. எழுதியது:

குறைந்தால் 'குறை'. படிவம் இப்படி இருக்கட்டும்:

ஈடு 7 / 12, பை 151–175
துண்டறிக்கை: வந்தது 25, மீதி 1
பேனா: வந்தது 25, குறை 1
மற்றவை: வந்தது 25, மீதி 0

இந்த ஈட்டில் 25 பைகளையும் திறந்து இரண்டை மட்டும் பார்க்கவேண்டும்: குறிப்பேட்டுக்குள் துண்டறிக்கை இருக்கிறதா, பேனா இரண்டு கிடக்கிறதா. எல்லாப் பையிலும் துண்டறிக்கை இருந்தால் எண்ணித் தந்தவர் 26 தந்திருக்கிறார். பேனாவும் பைக்கு ஒன்றுதான் என்றால் அவர் தந்தது 24. அவரிடம் திரும்பிப் போங்கள். ஆர்ட் பேப்பர் புதிதாக அச்சாகி வந்தால் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு ஒன்றாகப் போகும். அப்போது துண்டறிக்கையில் குறை காட்டும். நிரப்புவதற்கு முன் கட்டின் நான்கு விளிம்பையும் விசிறி விட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

ஒரு வரம்பையும் எழுதியே ஆகவேண்டும். ஒரே ஈட்டில் ஒரு பைக்குப் பேனா விடுபட்டு, இன்னொன்றில் இரண்டு விழுந்தால் மீதி பூஜ்ஜியம்தான். நிரப்புகிறவர் பாதியில் போன் எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது இப்படி நடக்கும். அதனால் நடுவில் எழுந்தால் கையிலிருக்கும் பையை முழுக்கக் கொட்டி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வரிசையின் கடைசி ஆள் பை வாயை மூடும் முன் பேனாவையும் உறையையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கா.வெ. எழுதியது:

படிவத்தில் 'ஈடு', 'மீதி', 'குறை' மூன்றையும் வைத்துக்கொள்கிறேன். தலைப்பில் 'ஈட்டு மீதி' என்று போடாமல் 'ஈடு முடிவில் மீதி, குறை' என்று விரித்து எழுதினால் தெ.சி. சொல்லும் குழப்பம் வராது. ஆனால் சொல்லடைவில் ஒற்றைச் சொல்லாக என்ன போடுவது?

தெ.சி. எழுதியது:

'மீதிநோக்கு' எண்டு போடலாமோ? குறையை அது சொல்லாது எண்டது தெரியும்.

ச.கோ. எழுதியது:

என் ஓட்டு 'மீதிச் சோதனை'க்கு. பள்ளியில் மீதித் தேற்றம் படித்தவர்களுக்கு மீதி என்ன என்பது தெரியும், குறையையும் எதிர் எண்ணாக அதற்குள் அடக்கலாம்.

ந.மு. எழுதியது:

மேசையருகில் நிற்கிறவர் மைனஸ் ஒன்று என்று எழுதமாட்டார், 'ஒண்ணு கொறயுது' என்றுதான் எழுதுவார். சொல்லடைவுக்கு 'மீதிச் சோதனை' போகட்டும். படிவத்தில் குறைக்குத் தனிக் கட்டம் இருந்தே ஆகவேண்டும்.