காலைல 5.40க்கு பெங்களூரு பஸ்ல இறங்கி வர்றவங்களுக்கு ஏர்லி செக்கின் எவ்வளவு வாங்கறது நியாயம்? லேட் செக்கவுட்டும் குழப்பமா இருக்கு, உதவுங்க

பாண்டி14ரூம்:
வணக்கம். புதுச்சேரில மிஷன் வீதி பக்கத்துல 14 ரூம் உள்ள சின்ன ஹோட்டல், மாமா ஆரம்பிச்சது, இப்ப ஒரு வருஷமா நான் பாத்துக்கறேன். செக்கின் மதியம் 1 மணி, செக்கவுட் காலை 11. வாடகை ஞாயிறுல இருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் 2000, சனிக்கிழமை 2800.

போன சனிக்கிழமை நடந்தத சொல்றேன். பெங்களூருல இருந்து நைட் பஸ்ல ஒரு குடும்பம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பசங்க, காலைல 5.40க்கு வந்து நிக்கறாங்க. 5 ரூம் காலியா இருந்துச்சு. நைட் ரிசப்ஷன் பையன் அரை நாள் சார்ஜ் 1400 ஆகும்னு சொல்லிட்டான், நாங்க வழக்கமா அப்படித்தான் வாங்கறோம். அவர் ஆப்ல "ஏர்லி செக்கின் வேணும்"னு எழுதியிருந்தேனே, யாரும் காசு சொல்லலையேனு கேட்டாரு. வேற வழியில்லாம கட்டினாரு. அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வந்த வேற ஒருத்தருக்கு, பழைய கஸ்டமர்னு, சும்மாவே சாவி குடுத்திருக்கான், ரெண்டு பேரும் டிஃபன் சாப்பிடற இடத்துல பேசிக்கிட்டாங்க. அவ்வளவுதான், ஒரு ஸ்டார் ரிவ்யூ, "காலி ரூம வச்சுக்கிட்டு காசு புடுங்கறாங்க"னு. படிச்சதுல இருந்து மனசு சரியில்ல.

ஞாயித்துக்கிழமை வேற மாதிரி. நைட் 10 மணிக்கு மேலதான் பஸ்ஸு, சாயங்காலம் வரைக்கும் ரூம் குடுங்கனு பாதி பேர் கேக்கறாங்க. எல்லாத்துக்கும் முடியாதுனு சொல்றோம். அது சரியா? எவ்வளவு வாங்கலாம், எப்படி சொல்லலாம்?

திருப்பாப்புலியூர்_லாட்ஜ்:
தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு தலவலி, 24 மணி நேர செக்கவுட் வச்சிடுங்க. நாங்க கடலூர்ல அப்படித்தான் ஓட்டறோம். திருவந்திபுரம் கல்யாணத்துக்கு வர்றவங்க ராத்திரி 2 மணிக்கும் வருவாங்க, விடிய முகூர்த்தத்துக்கு குளிச்சுட்டு போகணும் பாருங்க. எப்ப சாவி வாங்கினாங்களோ மறுநாள் அதே நேரத்துக்கு காலி பண்ணனும், சண்டையே கிடையாது.

பாண்டி14ரூம்:
அண்ணா, எங்களுக்கு முக்கால்வாசி புக்கிங் ஆன்லைன்ல வருது, அவங்க தேதிக் கணக்குல விக்கறாங்களே?

கடற்கரை_மேனேஜர்:
அதேதான் சிக்கல். லாட்ஜ் அண்ணா சொல்றது அவர் ஊருக்கு சரி, கவுண்டர்ல நேரா வந்து ரூம் எடுக்கற இடத்துல 24 மணி நேரம் மாதிரி நியாயமானது எதுவும் இல்ல. ஆனா தேதிக்கு விக்கற இடத்துல அது நிக்காது. சனிக்கிழமை ராத்திரி 9க்கு வந்தவர் ஞாயிறு ராத்திரி 9க்கு கிளம்புவாரு, ஞாயிறு மதியம் அதே ரூம ஆன்லைன்ல வாங்கினவர் வாசல்ல நிப்பாரு.

நான் இந்த வேலைல 16 வருஷம் இருக்கேன், பாண்டிலயே மூணு இடம் பாத்துட்டேன். உங்க விஷயத்துல தொகை ரெண்டாவது பிரச்சனைதான். அரை மணி நேர வித்தியாசத்துல ஒருத்தருக்கு 1400, இன்னொருத்தருக்கு சும்மா, அந்த ரிவ்யூ எழுதவச்சது அதுதான். ரிசப்ஷன்ல இருக்கற பையன் முகத்தப் பாத்து முடிவு பண்ற வரைக்கும் எந்த ரேட் வச்சாலும் அது அநியாயமாத்தான் தெரியும்.

தொகைக்கு வர்றேன். கடிகாரத்த பாக்காதீங்க, முந்தின ராத்திரி அந்த ரூம் என்ன ஆச்சுனு பாருங்க. ஒருத்தர் 6 மணிக்கு ரூம் உறுதியா வேணும்னு முன்னாடியே கேட்டா, வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த ரூம வேற யாருக்கும் விக்காம பூட்டி வைக்கணும். அப்ப முழு ராத்திரி வாடகை கேக்கறது நியாயம், ஆனா வெள்ளிக்கிழமை ரேட்டு 2000 தான் கேக்கணும், அன்னிக்கு காலை டிஃபனும் சேர்த்து குடுக்கணும், ஏன்னா அவர் அந்த ராத்திரியவே வாங்கிட்டாரு. முன்னாடி உறுதி கேக்கல, வந்தப்ப தற்செயலா ரூம் காலியா இருக்குனா உங்களுக்கு நஷ்டம் என்ன? ஏசி, கீசர், கூடுதலா கொஞ்ச நேரம் ரூம் ஓடுது, அவ்வளவுதான். அதுக்கு கால்வாசி போதும், உங்க கணக்குல 500. காலை 9க்கு மேல ரூம் சுத்தமா ரெடியா இருந்தா காசே வாங்காதீங்க.

நீங்க பண்ண தப்பு, தற்செயலா காலியா இருந்த ரூமுக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரியோட மிச்சத்துக்கு, சனிக்கிழமை ரேட்ல பாதி வாங்கினது. 500 வாங்கவேண்டிய இடத்துல 1400.

அம்மாவோட_பயணம்:
எனக்கும் இதேதான் ஆச்சு சார், எங்கிட்ட 1500 வாங்கினாங்க, அத எப்படி திரும்ப வாங்கறதுனு யாராச்சும் சொல்லுங்க. அம்மாவுக்கு முட்டி வலி, நைட் ஃபுல்லா பஸ்ல உக்காந்து வந்து கால் வீங்கிப்போச்சு. லாபில பிளாஸ்டிக் சேர்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க, பாத்ரூம் எங்கனு கேட்டதுக்கு "ரூம் எடுத்தாத்தான்"னுட்டாங்க. காசு கூட பரவால்ல, அந்த பதில்தான் இன்னும் மறக்கல.

கடற்கரை_மேனேஜர்:
அம்மா, உங்க புக்கிங் கன்ஃபர்மேஷன்ல ஏர்லி செக்கின் கட்டணம் எழுதியிருக்கானு பாருங்க. முன்னாடியே சொல்லாம வாங்கியிருந்தா, பில்லோட அந்த ஹோட்டலுக்கும் புக் பண்ண ஆப்புக்கும் மெயில் போட்டு கேளுங்க. பில்லே குடுக்கலனா கஷ்டம்தான்.

பாண்டி14ரூம், இத குறிச்சுக்கோங்க. ரிசப்ஷன் பக்கத்துல ஒரு பாத்ரூம், நாலு துண்டு, சோப்பு, பெட்டி வைக்க ஒரு மூலை. புக் பண்ணி வர்ற எல்லாருக்கும் இலவசம். 5.40க்கு வந்தவர் முகம் கழுவிட்டு பீச் ரோட்டுக்கு நடந்தாருனா, காலை 7.30 வரைக்கும் அங்க வண்டி விடமாட்டாங்க, சூரியன் வர்ற நேரம், பசங்க ஓடலாம். திரும்பி வந்து டிஃபன் முடிக்கறதுக்குள்ள ஒரு ரூம் காலியாகியிருக்கும். "500 கட்டினா இப்பவே ரூம், இல்லனா இது இலவசம்"னு ரெண்டு வழிய முன்னாடி வச்சா யாரும் புடுங்கறாங்கனு எழுதமாட்டாங்க.

பாண்டி14ரூம்:
"ரூம் காலியாத்தானே இருக்கு"னு கேட்டா என்ன சொல்றது சார்? எங்க பையன் "ரூல் சார்"னு சொல்றான், அதுல இன்னும் கோவம் வருது.

கடற்கரை_மேனேஜர்:
காலியா இருக்கறத மறைக்காதீங்க, கீ போர்டுல சாவி தொங்கறது அவருக்கே தெரியுது. எங்க இடத்துல சொல்றது: "ஆமாங்க, ரூம் இருக்கு. உங்க புக்கிங் 1 மணில இருந்துதான், இப்பவே எடுத்துக்கிட்டா 7 மணி நேரம் கூடுதலா கிடைக்குது, அதுக்கு 500." இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அதவிட முக்கியம், அவர் பஸ் ஏறறதுக்கு முன்னாடி தெரியணும். புக்கிங் வந்த அன்னிக்கே வாட்ஸப்ல இத அனுப்பறோம், இங்கிலீஷ்லயும் ஒண்ணு வச்சிருக்கோம்:

"வணக்கம். உங்கள் ரூம் சனிக்கிழமை மதியம் 1 மணிக்குத் தயார். அதற்கு முன் வந்தால் பெட்டி வைக்க, குளிக்க வசதி உண்டு, கட்டணம் இல்லை. காலை 5 முதல் 9 வரை ரூம் காலியாக இருந்தால் 500 ரூபாய்க்குத் தருவோம், உறுதி இல்லை. உறுதியாக வேண்டுமானால் வெள்ளி இரவு வாடகை 2000, காலை டிஃபன் சேர்த்து. எத்தனை மணிக்கு வருவீர்கள்?"

அந்தக் கடைசி கேள்விய விட்டுடாதீங்க. பதில் வந்தா எந்த ரூம யாருக்குனு வெள்ளிக்கிழமை சாயங்காலமே பிரிச்சுடலாம். ஆப்ல எழுதற ரெக்வெஸ்ட் வெறும் வேண்டுகோள்தான், ஆனா அவர் நம்பிட்டு வர்றாரு, அதுக்கு நீங்க பதில் போடாம விட்டது உங்க பக்கத் தப்பு. ராத்திரி வாங்கற காசு ஒவ்வொண்ணும் பில்லுல வரணும், வந்த நேரம் ரெஜிஸ்டர்ல ஏறணும். நாங்க ரூம் வாடகையோடயே சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி போடறோம், உங்க ஆடிட்டர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

லினன்அக்கா:
லேட் செக்கவுட் பத்தி நான் சொல்றேன், 11 வருஷமா ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். உங்ககிட்ட ரூம் சுத்தம் பண்ண எத்தன பேரு தம்பி?

பாண்டி14ரூம்:
ரெண்டு அக்கா. சனிக்கிழமை 10 ரூம் மாறும்.

லினன்அக்கா:
கணக்கு போடுங்க. காலி பண்ண ரூம் ஒண்ணுக்கு 40 நிமிஷம், பெட்ஷீட் மாத்தி, பாத்ரூம் தேச்சு, கடல் மணல் கூட்டி. ஆளுக்கு 5 ரூம், 200 நிமிஷம். எல்லாரும் 11க்கு சரியா கிளம்பினாலும் கடைசி ரூம் முடிய 2.20. நீங்க 1 மணினு எழுதி வச்சிருக்கீங்க. இதுல 3 பேருக்கு 2 மணி வரைக்கும் குடுத்தா அதுக்குள்ள மத்த 7 ரூம் முடிஞ்சாலும், இந்த மூணும் முடிய 3.20 ஆயிடும். சனிக்கிழமை லேட் செக்கவுட் ஒரு ரூமுக்கு மேல வேண்டாம், அதுவும் அன்னிக்கு யாரும் வராத ரூமா பாத்து குடுங்க. எங்க ஆளுங்க ஓடி ஓடி செஞ்சா பாத்ரூம் மூலைல முடி கிடக்கும், அதுக்கு ஒரு ரிவ்யூ வரும்.

கடற்கரை_மேனேஜர்:
அக்கா சொல்றதுதான் கணக்கு. ஆனா ஞாயித்துக்கிழமைய அதே மாதிரி பாக்காதீங்க. ஞாயிறு ராத்திரி உங்களுக்கு எத்தன ரூம் போகுது?

பாண்டி14ரூம்:
4, மிஞ்சினா 5.

கடற்கரை_மேனேஜர்:
அப்ப 9 ரூம் திங்கக்கிழமை வரைக்கும் சும்மாதான் கிடக்குது, அதையா முடியாதுனு சொல்றீங்க? வர்ற 5 பேருக்கு 5 ரூம முதல்ல சுத்தம் பண்ணி ஒதுக்கிடுங்க. மத்ததுல 2 மணி வரைக்கும் சும்மா, சாயங்காலம் 6 வரைக்கும் 700, ராத்திரி 9 வரைக்கும் 1000. 1000ங்கறது ஞாயிறு வாடகைல பாதி. அத திங்கக்கிழமை காலைல சுத்தம் பண்ணிக்கலாம். சனிக்கிழமை ராத்திரியே கேட்டு எழுதி வாங்கிடுங்க, ஞாயிறு 11 மணிக்கு கதவ தட்டி கேக்காதீங்க.

திருப்பாப்புலியூர்_லாட்ஜ்:
2 மணி வரைக்கும் சும்மா குடுத்தா நாளைக்கு சனிக்கிழமையும் கேப்பாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். ஒரு மணி நேரமா இருந்தாலும் 100 ரூபாயாவது வாங்கணும்.

கடற்கரை_மேனேஜர்:
அண்ணா, கேப்பாங்கதான். "சனிக்கிழமை அடுத்தவங்க வர்றாங்க, ஞாயிறு வரல"னு சொன்னா புரிஞ்சுக்கறாங்க, எங்க அனுபவம் அது.

பாண்டி14ரூம்:
ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். செக்கின் நேரத்த 2 மணினு மாத்திட்டேன், சனிக்கிழமைக்கு மட்டும் மூணாவதா ஒரு அக்காவ 4 மணி நேரத்துக்கு வரச்சொல்லியிருக்கேன். மாடிப்படி கீழ இருந்த ஸ்டோர் ரூம் பாத்ரூம சரி பண்ணி துண்டு வச்சாச்சு. போன சனிக்கிழமை விடியக்காலைல வந்தது 3 குடும்பம், ஒருத்தர் 500 கட்டினாரு, ஒருத்தர் குளிச்சுட்டு பீச்சுக்கு போய்ட்டாரு, ஒரு வயசானவங்களுக்கு நானே காசில்லாம குடுத்தேன், பில்லுல "முதியவர், கட்டணம் இல்லை"னு எழுதச் சொன்னேன், அப்பதான் பக்கத்துல நிக்கறவருக்கும் காரணம் தெரியும்னு. ஞாயிறு 4 ரூம் சாயங்காலம் வரைக்கும் போச்சு, 2800 வந்துச்சு. அந்த பெங்களூரு சாருக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டு 900 திருப்பி அனுப்பிட்டேன், ரிவ்யூவ எடுக்கச் சொல்லல.

ஒண்ணு மட்டும் இன்னும் புரியல. ராத்திரி 3 மணிக்கு கார்ல வர்றவங்களுக்கு 500 வாங்கறதா, முழு வெள்ளிக்கிழமை வாடகையா? தூங்கறதுக்கு பாதி ராத்திரி கிடைக்குதே.

திருப்பாப்புலியூர்_லாட்ஜ்:
முழுசு தம்பி.

கடற்கரை_மேனேஜர்:
நான் 4 மணிக்கு முன்னாடினா முழுசுதான் வாங்கறேன், ஆனா எனக்கே அது முழு திருப்தி இல்ல. 1200னு வச்சு ஒரு மாசம் பாத்துட்டு சொல்லுங்க.