சுவரில் ஒட்டிய இரட்டைப் பக்க டேப்: பெயின்ட் உரியாமல் எப்படி எடுப்பது?

மீனா:
கடிகாரம் மாட்ட, ஸ்பாஞ்சு மாதிரி தடிமனா இருக்கும் இரட்டைப் பக்க டேப்பை நாலு துண்டு ஒட்டியிருந்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு. கடிகாரத்தை எடுத்தபோது ஸ்பாஞ்சு பாதி அதோடயே போச்சு, மீதி சுவரிலேயே நின்னுடுச்சு. ஒரு துண்டை நகத்தால் பிய்த்தேன். ரூபாய் நாணயம் அளவுக்கு பெயின்ட்டும் அடியிலிருந்த பட்டியும் சேர்ந்து வந்துடுச்சு. இன்னும் மூணு துண்டு பாக்கி. சுவர் பளபளப்பில்லாத எமல்ஷன். தின்னர் போடலாமா?

செல்வம்:
தின்னர் வேண்டாம். சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து 15 நிமிஷம் வைங்க, தானா வழுக்கிட்டு வந்துடும். கண்ணாடி பாட்டில் லேபிளுக்கெல்லாம் நான் இதைத்தான் செய்றேன்.

ரகு (பெயின்ட் வேலை):
செல்வம் சார் சொன்னது கண்ணாடிக்குச் சரி. மேட் எமல்ஷன் எண்ணெயைக் குடிச்சுடும். பசை போன இடத்தில் கறை நிற்கும், அதன் மேல பெயின்ட் அடிச்சாலும் திரும்பத் தெரியும். தின்னரோ பெயின்ட்டையே கரைச்சுடும்.

மேடம், முதல்ல யார் கண்ணிலும் படாத மூலையில் ஈர வெள்ளைத் துணியால் பத்து தடவை தேய்ச்சுப் பாருங்க. துணியில் கலர் மாவு மாதிரி ஒட்டினால் அது டிஸ்டெம்பர், தண்ணீரே ஆகாது. ஒட்டலேன்னா தொடரலாம்.

ஹேர் டிரையரை நடுத்தரச் சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, ஆட்டிக்கிட்டே அரை நிமிஷம் காட்டுங்க. சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பா இருக்கணும், கை பொறுக்காத சூடு கூடாது. ஒரே இடத்தில் நிறுத்தினா பெயின்ட் கொப்புளிக்கும். அப்புறம் தூண்டில் நரம்பை ரெண்டு கையிலும் சுத்தி, ஸ்பாஞ்சுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ரம்பம் மாதிரி இழுங்க. இழுவை சுவரோடயே ஓடணும். உங்களை நோக்கி இழுத்தா பட்டி பெயர்ந்து வரும், முதல் துண்டில் நடந்தது அதுதான்.

கவிதா:
எனக்கும் இதே பிரச்சனை! பிரிட்ஜ் கதவில் பையன் ஒட்டின ஸ்டிக்கர், நூல் போட இடமே இல்லை.

ரகு:
பிரிட்ஜ் உலோகம்மா, அது வேற கதை. அங்கே செல்வம் சார் எண்ணெய் வைத்தியமே போதும்.

மீனா:
ரெண்டு துண்டு முடிச்சேன். ஸ்பாஞ்சு வெண்ணெய் மாதிரி அறுந்தது. பசைப் படலம் மட்டும் மிச்சம். ஒரு இடத்தில் விரலால் உருட்டினால் அழுக்கு உருண்டையா வந்துடுச்சு. இன்னொன்றில் மஞ்சளா, ஒட்டிக்கிட்டே நிற்குது, உருளவே மாட்டேங்குது. கை கழுவும் சானிடைசர் தடவலாமா?

செல்வம்:
அதில் ஸ்பிரிட் இருக்கு, நல்லா வேலை செய்யும்.

ரகு:
பசையில் வேலை செய்யும்தான், பெயின்ட்டிலும் வேலை செய்யும். எமல்ஷன் மென்மையாகித் துணியில் கலர் ஏறும். மஞ்சளானது பழைய ரப்பர் பசை. பத்து செகண்ட் சூடு காட்டி, வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவா தேயுங்க. அதுக்கும் மசியலேன்னா, காது துடைக்கும் குச்சியின் நுனியில் துளி எண்ணெய், பசை மேல மட்டும். ரெண்டு நிமிஷத்தில் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியால் ஒத்தி எடுங்க. கறை நின்னாலும் நிற்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

மீனா:
அழிரப்பரே போதுமா இருந்தது, எண்ணெய்க்குப் போகலை. ஆனா பக்கவாட்டில் பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளன்னு மின்னுது.

ரகு:
மேட் பெயின்ட்டை அழுத்தித் தேய்ச்சா அப்படித்தான் ஆகும். துடைச்சுப் போகாது. உறுத்தினா அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட் அடிக்கணும், திட்டு போட்டா திட்டாவே தெரியும். நாணயம் அளவு பெயர்ந்த இடத்துக்கு, ஓரத்தில் தூக்கி நிற்கும் பெயின்ட்டை பிளேடால் வெட்டிட்டு, பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத் தாளால் தேய்ச்சு, பிரைமர் அடிச்சிட்டு பெயின்ட்டுக்குப் போங்க.

செல்வம்:
பிரைமர் இல்லாமலே நான் அடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை.

ரகு:
சின்ன இடம்னா தப்பிச்சுடும் சார். பட்டி பெயின்ட்டை உறிஞ்சி, அந்த இடம் மங்கலா தெரிஞ்சா அப்ப சொல்லுங்க.

மீனா:
கடைசித் துண்டு ஜன்னலுக்குக் கீழே. மழை நேரத்தில் அங்கே ஈரம் இறங்கும். விரலால் தட்டினா டொக் டொக்னு காலிச் சத்தம்.

ரகு:
அப்போ அங்கே பெயின்ட் ஏற்கனவே சுவரை விட்டுடுச்சு. நூல் போட்டாலும் சூடு காட்டினாலும் உரியும். ஈரத்தை சரி பண்ணாம அதைத் தொடாதீங்க.

மீனா:
சரி, இப்போதைக்கு அது மேல காலண்டர் மாட்டிடறேன். ஆணியில்தான், டேப்பில் இல்லை.