பொருள்: ஓலெட், கியூலெட், மினி எல்ஈடி – தமிழ்ல என்ன சொல்லலாம்?

கதிரேசன்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு மின்பொருள் சொற்பட்டியல்ல டிவி பகுதி மட்டும் பாக்கி கெடக்கு. விளம்பரத்துல வர்ற மூணு பேருக்கும் இப்போதைக்கு இப்படி வச்சிருக்கேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க.

ஓலெட் – கரிம ஒளியுமிழ் இருமுனையம்
கியூலெட் – குவாண்டப்புள்ளி ஒளியுமிழ் இருமுனையம்
மினி எல்ஈடி – குறு ஒளியுமிழ் இருமுனையம்

நீளமாத்தான் இருக்கு, ஆனா ஒழுங்கா ஒரே வார்ப்புல இருக்குன்னு ஒரு திருப்தி.

ராஜா:

சார் நல்லாருக்கு ஆனா யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. ஓலெட் கியூலெட்னே விட்டுருங்க. எனக்குத் தெரிஞ்சு மூணும் ஒரே ஜாதிதான், ஓலெட்ல கரிமப் பொருள் எரியுது, கியூலெட்ல குவாண்டப்புள்ளி எரியுது, அந்தப் புள்ளிக்குத்தானே 2023ல வேதியியல் நோபல் கொடுத்தாங்க, அதனால அது புதுசு, இன்னும் பெட்டர். மினி எல்ஈடில ஆயிரக்கணக்குல பல்பு இருக்குறதால அதுவும் கிட்டத்தட்ட ஓலெட் மாதிரியேதான், பகல்ல இன்னும் பளிச்சுனு தெரியும்.

மீனாட்சி:

ராஜா தம்பி, நோபல் சரி, பகல்ல பளிச்சுன்றதும் சரி, நடுவுல சொன்னது சரியில்ல. கதிர் சார் பட்டியல்ல எனக்கு இருக்குற பயமும் அதேதான். மூணையும் ஒரே வார்ப்புல போட்டா மூணு பேரும் அண்ணன் தம்பின்னு படிக்கிறவங்க நெனச்சுக்குவாங்க, விளம்பரக்காரங்களும் அதத்தான் எதிர்பாக்குறாங்க. நான் பேனல் சர்வீஸ்ல இருக்கேன், பின்பக்க மூடியக் கழட்டினா ரெண்டே ஜாதிதான்.

ஓலெட்ல ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும், தானே அணையும். 4கே திரைன்னா 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் பிக்சல். கருப்பு வேணும்ற இடத்துல அந்தப் பிக்சல் அணைஞ்சே போயிடும், பக்கத்துல வெள்ளை எழுத்து எரிஞ்சாலும் இதுக்குக் கவலையில்ல.

கடையில விக்கிற கியூலெட்ல குவாண்டப்புள்ளி தானா எரியுறது கெடையாது. பின்னாடி நீல எல்ஈடி எரியும், நடுவுல இருக்குற ஒரு ஷீட்ல அந்தப் புள்ளிங்க இருக்கும், நீலத்துல கொஞ்சத்தைச் சிவப்பாவும் பச்சையாவும் மாத்திக் கொடுக்கும். அதுக்கு முன்னாடி நம்ம பழைய எல்சிடி பேனலேதான். கலர் நல்லா தூக்கலா வரும், அது உண்மை. ஆனா கருப்பு எப்படி வரும்னு அந்தப் பேரு ஒரு வார்த்தைகூடச் சொல்லல. மினி எல்ஈடியும் எல்சிடிதான், பின்னாடி இருக்குற பல்பு பொடிசா, நெறைய இருக்கும், அவ்வளவுதான். ஒரே செட்டுல குவாண்டப்புள்ளி ஷீட்டும் மினி எல்ஈடியும் சேந்தே வரும்.

இந்த வம்பு புதுசில்ல. பிரிட்டன்ல 2009லயே, பின்னாடி மட்டும் எல்ஈடி வச்ச எல்சிடிய எல்ஈடி டிவின்னு விளம்பரம் பண்ணினப்ப, அது தப்பான எண்ணத்தக் கொடுக்குதுன்னு அங்க இருக்குற விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சொன்னது. பேரு என்னமோ நின்னுடுச்சு.

அதனால பட்டியல்ல முதல்ல தன்னொளித் திரை, பின்னொளித் திரைன்னு ரெண்டு சொல் வையுங்க, ஓலெட்ட முதல்லயும் மத்த ரெண்டையும் ரெண்டாவதுலயும் போடுங்க. ராஜா சொல்ற மாதிரி பிராண்டுப் பேர அப்படியே விட்டுரலாம்.

சந்தானம்:

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றவன், இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. எங்கள் வீட்டில் போன வருடம் 55 இஞ்ச் கியூலெட் வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். இரவு லைட்டை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கருப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது, கீழே சப்டைட்டில் வந்தால் அந்த இடமே வெளுத்துப்போகிறது. கடைக்காரர் எல்லா டிவியும் அப்படித்தான் சார் என்கிறார். பேனல் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? எந்த டிவி வாங்கலாம் என்றும் சொல்லவும்.

கதிரேசன்:

ஐயா, இது சொல்லாக்கக் குழு, டிவி வாங்குற ஆலோசனை இங்க...

மீனாட்சி:

இருக்கட்டும் கதிர் சார், ஐயா கேட்டதுலதான் நமக்கு வேண்டிய சொல்லே இருக்கு.

ஐயா, ஒரு வேலை பண்ணுங்க. ரூம இருட்டாக்கிட்டு, மேலயும் கீழயும் கருப்புப் பட்டை வர்ற ஒரு படத்த சப்டைட்டிலோட போட்டு, நேரா நடுவுல உக்காந்து பாருங்க. ஃபோன்ல வீடியோ எடுக்காதீங்க, கேமரா அதிகமா வெளிச்சத்த இழுத்து எல்லாத்தையும் மோசமாக் காட்டும். எழுத்து வந்தாலும் வராட்டியும் பட்டை ஒரே சாம்பலா இருந்தா பின்னொளி மொத்தமும் எப்பவும் எரியுதுன்னு அர்த்தம். எழுத்து வர்றப்ப அதுக்கு நேர் மேல திரையோட உச்சி வரைக்கும் ஒரு கம்பம் மாதிரி வெளுத்தா பல்பு எல்லாம் கீழ் ஓரத்துல வரிசையா இருக்கு. எழுத்தச் சுத்தி மட்டும் ஒரு திட்டு வெளுத்தா பல்பு பேனலுக்குப் பின்னாடி பரவலா இருக்கு, கூட்டம் கூட்டமா அணைச்சு எரியுது.

சந்தானம்:

பார்த்தேன் அம்மா. கம்பம்தான். எழுத்துக்கு மேலே உச்சிவரை அகலமாக ஒரு வெளுப்பு, எழுத்து போனதும் அதுவும் போகிறது. என் பேரன் டிவியில் பேய் இருக்கிறது என்கிறான்.

மீனாட்சி:

அப்ப ஓரத்து பல்பு செட்டுதான் ஐயா. பேனல் பழுது இல்ல, மாத்திக் கொடுத்தாலும் புதுசும் இதையேதான் பண்ணும். கடைக்காரர் சொன்னதுல பாதி நெசம், இந்த விலையில பல செட்டு அப்படித்தான், எல்லா டிவியும் இல்ல. செட்டிங்ஸ்ல லோக்கல் டிம்மிங்னு இருந்தா குறைச்சு வச்சுப் பாருங்க, கம்பம் வந்து போறது அடங்கும், பதிலுக்குக் கருப்பு மொத்தமும் கொஞ்சம் சாம்பலாவே நிக்கும். டிவியோட முதுகுப் பக்கம் ஒரு சின்ன லைட்டு போட்டு வச்சீங்கன்னா கண்ணுக்கு அந்தச் சாம்பல் அவ்வளவு தெரியாது.

இப்ப கணக்குக்கு வர்றேன். எல்சிடி பேனல் முழுசா மூடினாலும் பின்னொளியில ஒரு பங்கு கசியத்தான் செய்யும். எல்சிடிலயே விஏன்ற வகைப் பேனல்னா சுமாரா நாலாயிரத்துல ஒரு பங்கு, ஐபிஎஸ் வகைன்னா ஆயிரத்துல ஒரு பங்கு. சப்டைட்டில் 200 நிட் வெளிச்சத்துல எரியுதுன்னு வச்சுக்கோங்க, ஐபிஎஸ்ல பக்கத்துக் கருப்பு 0.2 நிட்ல தெரியும், விஏல 0.05. பகல்ல ரெண்டும் கண்ணுக்குப் படாது, இருட்டுல ரெண்டும் படும், முதல் ஆளு நல்லாவே படுவாரு.

இந்தக் கசிவு எவ்வளவு தூரம் பரவும்ன்றது பின்னொளிய எத்தனைத் துண்டாப் பிரிச்சிருக்காங்கன்றதுல இருக்கு. 55 இஞ்ச் திரைய 500 துண்டாப் பிரிச்சா ஒரு துண்டு நாலு சென்டிமீட்டர் சதுரம், அதுக்கு முன்னாடி பதினாறாயிரம் பிக்சலுக்கு மேல நிக்குது. 48 துண்டுதான்னா ஒண்ணொண்ணும் பதிமூணு சென்டிமீட்டர். ஒரு எழுத்து எரியணும்னா அந்தத் துண்டு முழுக்க எரிஞ்சாகணும். ராஜா, நீங்க சொன்ன ஆயிரக்கணக்கான பல்பு எல்லாம் தனித்தனியா அணையாது, பல பல்பு சேந்துதான் ஒரு துண்டு. விளம்பரத்துல பல்பு எண்ணிக்கையப் பெருசாப் போட்டு துண்டு எண்ணிக்கையச் சொல்லாம விடுறது சகஜம். அந்தத் துண்டுக்குத்தான் தமிழ்ல பேரு இல்ல.

ராஜா:

ஓ இதான் மேட்டரா. ஒளி மண்டலம்னு வைக்கலாமே, ஜோன்னா மண்டலம்தானே.

கதிரேசன்:

மண்டலம்னா மாநகராட்சி மண்டல அலுவலகம் ஞாபகம் வருது. 'பின்னொளிப் பகுதி' எப்படி?

தர்சினி:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். பகுதி எண்டால் பொதுவாப் போயிடும், மேல் பகுதி கீழ்ப் பகுதி எண்டு ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம். 'பாத்தி' எண்டு வைச்சால் என்ன? தோட்டத்தில தண்ணி ஒரு பாத்திக்குத் திறந்தால் அந்தப் பாத்தி முழுக்க நனையும், ஒரு கண்டுக்கு மட்டும் விடேலாது, மீனாட்சி அக்கா சொல்லுறதும் அதுதானே. 'இந்த ரீவி எத்தினை பாத்தி?' எண்டு கடையில கேக்கலாம், வாயில வரும்.

மீனாட்சி:

தர்சினி, இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஒளிப்பாத்தின்னு எழுதிக்கலாம், பேச்சுல பாத்தி. ஒரு விஷயம் மட்டும் இடிக்குது. பாத்திக்கு வரப்பு இருக்கும், இங்க வரப்பு கெடையாது, ஒரு துண்டோட வெளிச்சம் பக்கத்துத் துண்டுக்கும் கொஞ்சம் போகும்.

கதிரேசன்:

வரப்பு இல்லாத பாத்தியா! சரி, பாத்திய வரைவுல போட்டு வைக்கிறேன், ஆனா பகுதியையும் பக்கத்துலயே வைப்பேன், பாடநூல்காரங்க பாத்திய ஏத்துக்குவாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான். எழுத்தச் சுத்தி வெளுக்குதே அதுக்கு ஒளிவட்டம்?

ராஜா:

அது சாமி தலைக்குப் பின்னாடி இருக்குறது சார். வெளுப்புன்னே வைங்க, சந்தானம் ஐயா அப்படித்தானே சொன்னாரு. அப்புறம் மேடம், இவ்வளவு தொல்லைக்கு எல்லாரும் ஓலெட்டே வாங்கிடலாமே?

மீனாட்சி:

இருட்டுல சினிமா பாக்குறவங்க தாராளமா வாங்கலாம். ஆனா ஓலெட்ல திரை முழுக்க வெள்ளையா வந்தா அதுவே வெளிச்சத்தக் குறைச்சுக்கும். சின்னதா ஒரு விளக்கு எரியுற காட்சியில ஆயிரம் நிட் காட்டுற செட்டே, முழுத்திரை வெள்ளைக்கு இருநூறு பக்கம் எறங்கிடும். ஜன்னல் வெயில் விழுற ஹால்ல பகல் மேட்ச் பாக்குற வீட்டுக்கு நல்ல மினி எல்ஈடி சௌகரியம். அடுத்தது, நாள் பூரா நியூஸ் சேனல் ஓடுற வீடு. கீழ ஓடுற பட்டையும் மூலையில இருக்குற லோகோவும் அதே எடத்துல வருஷக்கணக்கா எரிஞ்சா அந்தப் பிக்சல் மட்டும் சீக்கிரம் தேஞ்சுடும், சேனல் மாத்தினாலும் தடம் தெரியும். பிக்சல நகத்துற வசதியெல்லாம் உள்ளயே வச்சிருக்காங்க, அது தள்ளிப்போடும், முழுசா நிறுத்தாது.

மினி எல்ஈடிலயும் பாத்தி எண்ணிக்கை மட்டும் பாத்துட்டு வாங்காதீங்க. வெளுப்பு தெரியக்கூடாதுன்னு சில செட்டு பாத்திய ரொம்ப அமுக்கிடும், வானத்துல நட்சத்திரம் இருக்குற காட்சியப் போட்டா பாதி நட்சத்திரம் காணாமப் போயிடும். பக்கவாட்டுல உக்காந்தா வெளுப்பு கூடவும் செய்யும். கடையில டெமோ வீடியோவ நிறுத்தச் சொல்லி, கருப்புப் பின்னணியில ஒரு வெள்ளைப் புள்ளி நகருற வீடியோவ உங்க ஃபோன்லருந்து போட்டுப் பாருங்க, புள்ளி போற எடத்துக்குப் பின்னாடியே திட்டு நகருறது தெரியும்.

சந்தானம்:

எங்கள் வீட்டில் காலை ஆறிலிருந்து நியூஸ்தான் அம்மா. அப்படியென்றால் இருக்கிறதையே வைத்துக்கொள்கிறேன்.

ராஜா:

கடைசியா ஒண்ணு, இப்ப ஆர்ஜிபி மினி எல்ஈடின்னு புதுசா விளம்பரம் வருதே, அது தன்னொளியா பின்னொளியா?

மீனாட்சி:

பின்னொளிதான். நீல பல்புக்குப் பதிலா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கலர் பல்பு ஒவ்வொரு பாத்தியிலயும். கலர் இன்னும் ஆழமா வரும், முன்னாடி நிக்கிறது எல்சிடியேதான். சிவப்பும் பச்சையும் ஒரே பாத்தியில பக்கத்துல பக்கத்துல வந்தா ஒண்ணோட சாயம் இன்னொண்ணு மேல லேசா ஏறலாம், அதனால இங்கயும் பாத்தி எத்தனைன்னு கேக்கணும்.

கதிரேசன்:

அப்ப வெறும் 'வெளுப்பு' பத்தாதே, கலராவும் கசியுதுன்னா? 'கசிவு'ன்னு மாத்தட்டுமா? தர்சினி, உங்க பக்கம் இதுக்கு என்ன சொல்லுவீங்க?