புதுப்பிப்பு: நரைக்கும் புருவத்திற்கு எந்த நிறம்?

"புருவம் மெலிந்து பாதி நரைத்துவிட்டது; கறுப்புப் பென்சில் தீட்டினால் ஒட்டவைத்தது போல் தெரிகிறது, என்ன செய்யலாம்?" என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன்.

குன்னூரில் அழகு நிலையம் நடத்தும் அக்கா சொன்னதே பலித்தது: பென்சில் பெரும்பாலும் தோலில்தான் படிகிறது, நரைமுடியில் சரியாக ஏறுவதில்லை, ஆகவே இருண்ட கோட்டின்மேல் வெள்ளை முடிகள் இன்னும் பளிச்சென்று நிற்கின்றன. இப்போது சாம்பல் சாயலுள்ள அடர்பழுப்புப் பவுடரைச் சாய்வான தூரிகையால் இடைவெளிகளில் மட்டும் ஒற்றிவிட்டு, அதே நிற ஜெல்லை முதலில் முடியின் எதிர்த்திசையிலும் பிறகு அதன் போக்கிலும் சீவுகிறேன். அப்போதுதான் நரையின் அடிப்பக்கமும் நிறமேறுகிறது.

"கறுப்பைவிட வெளிறியிருந்தால் போதும்" என்ற தோழியின் யோசனை பாதிதான் சரி. அவர் தந்த பழுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் செம்பட்டையாகத் தெரிந்தது. மருதாணியைப் பரிந்துரைத்த பெரியம்மா தம் தலைமுடியைப் பற்றியே பேசினார். மூடுபனியில் நடக்கும்போது பவுடர் நிற்குமா என்பதை இன்னும் பார்க்கவில்லை.